சாறிக்கு ஒரு சந்தை, தயிருக்கு ஒரு சந்தை: வாட்ஸ்அப், பேஸ்புக், இக்மன், டராஸ் ஆகியவற்றில் எதில் விற்பது?

மட்டக்களப்பு கல்லடியில் நான் ஒரு சின்ன போன் கடை வைத்திருக்கிறேன். ரீலோட் போட வருபவர்களில் பலர் இப்போது வீட்டிலிருந்தே ஏதாவது விற்கிறார்கள். போன மாதம் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் மருதமுனையில் நெசவு செய்யும் குடும்பத்துப் பெண். வீட்டில் இரண்டு தறி, மாதம் இருபது கைத்தறிச் சாறி அளவில் இறங்கும். மற்றவர் படுவான்கரையில் எருமை வைத்திருக்கும் ஒரு அண்ணன். விடிந்தால் பதினான்கு சட்டி தயிர் அவர் கையில் இருக்கும்.

"எல்லாரும் இருக்கிற இடத்திலதானே அண்ணன் கடை போடணும்? எது பெரிசு எண்டு சொல்லுங்க, அதிலயே போடுறன்" என்றார் அந்தத் தங்கச்சி. தயிர்க்காரர் கேட்டதும் ஏறத்தாழ அதே. ஆனால் இரண்டு பேருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றல்ல. ஏன் என்று கடையில் நின்றபடி விளக்க நேரம் போதவில்லை. இதே கேள்வி இன்னும் பலருக்கு இருப்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

## "பெரிசு" என்றால் யாருக்குப் பெரிசு?

தயிரை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஆளிடம் இன்னும் நூறு பேர் தயிர் வாங்கினால் என் வீட்டுச் சட்டியில் ருசி கூடாது. தொலைபேசி அப்படியில்லை. உலகத்தில் ஒரே ஒரு தொலைபேசி இருந்தால் அதை வைத்து ஒன்றுமே செய்ய முடியாது. இரண்டாவது ஆள் வாங்கும்போதுதான் முதல் ஆளின் போனுக்கு உயிர் வருகிறது. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தலைவர் தியோடர் வெயில் 1908ஆம் ஆண்டு அறிக்கையிலேயே இதை எழுதிவிட்டார்: மறுமுனையில் இணைப்பு இல்லாத தொலைபேசி எதற்கும் உதவாத பொருள். ஆள் சேரச் சேரப் பொருளின் பயன் கூடும் இந்தத் தன்மையைத்தான் வலையமைப்பு விளைவு என்கிறார்கள்.

கணக்கும் எளிது. 12 பேர் இருக்கும் குரூப்பில் ஒருவரோடொருவர் பேசக்கூடிய சோடிகள் 66. அதுவே 200 பேர் என்றால் 19,900 சோடி. ஆள் எண்ணிக்கை பதினேழு மடங்குகூடக் கூடவில்லை, சோடியோ முந்நூறு மடங்கு. பெரிய தளங்கள் மேலும் மேலும் பெரிதாவதற்குக் காரணம் இந்த வளர்ச்சிதான். "பெரியதிலேயே போடுவோம்" என்று நம் மனம் சொல்வதும் இதனால்தான்.

ஆனால் விற்பவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சாறி விற்பவருக்கு இன்னொரு சாறிக்காரரோடு இணைப்புக் கிடைத்து என்ன பயன்? அவருக்கு வேண்டியது வாங்குபவர். 200 பேர் உள்ள விற்பனைக் குரூப் ஒன்றில் 10 பேர் விற்கிறார்கள், 190 பேர் வாங்க வந்தவர்கள் என்று வைப்போம். ஒரு விற்பனையாளருக்குப் பத்தொன்பது வாங்குபவர். குரூப் பேர் எடுக்கிறது, இன்னும் ஐம்பது விற்பனையாளர்கள் நுழைகிறார்கள், விளம்பரத் தொல்லை தாங்காமல் ஐம்பது வாங்குபவர்கள் வெளியேறுகிறார்கள். இப்போது 60 பேர் விற்க, 140 பேர் வாங்க. மொத்த எண்ணிக்கை அதே 200தான். ஆனால் ஒரு விற்பனையாளருக்கு இரண்டு சொச்சம் வாங்குபவரே மிச்சம். குரூப்பின் பெயருக்குக் கீழே இருக்கும் எண் மாறவேயில்லை, அதன் பயனோ எட்டில் ஒன்றாகிவிட்டது.

அதற்காகப் போட்டிக்காரர் எப்போதும் கேடு என்றும் சொல்ல முடியாது. மருதமுனையில் நெசவுக் கடைகள் ஏன் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன? தூரத்திலிருந்து சாறி வாங்க வருபவர், ஒரே ஒரு கடைக்காக அவ்வளவு தூரம் வரமாட்டார். பத்துக் கடை பார்க்கலாம் என்பதால்தான் வருகிறார். பக்கத்துக் கடைக்காரர் உங்கள் வியாபாரத்தைப் பங்குபோடுகிறார், அதே நேரம் ஆளையும் தெருவுக்குக் கொண்டுவருகிறார். இந்த இரண்டில் எது மேலோங்கி நிற்கிறது என்பதுதான் ஒவ்வொரு தளத்திலும் பார்க்க வேண்டியது.

## எதை வைத்து எடைபோடுவது

நான் நான்கு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, புதிதாக வரும் ஆள் எந்தப் பக்கத்து ஆள்? வாங்குபவரா, விற்பவரா?

இரண்டாவது, அந்த வாங்குபவர்களில் எத்தனை பேர் என் கைக்கெட்டும் தூரத்தில்? தூரம் என்பது பொருளைப் பொறுத்தது. சாறியைக் கூரியரில் போட்டால் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்விடும். தயிர்ச் சட்டி மோட்டார் சைக்கிள் போகும் தூரம் மட்டுந்தான் போகும், அதுவும் வெயில் ஏறுவதற்குள். ஆகவே சாறிக்கு நாடு முழுவதும் ஒரே சந்தை. தயிருக்கு மூன்று நான்கு ஒழுங்கைகள்தான் சந்தை.

மூன்றாவது, வாங்குபவர் அங்கே எதற்காக இருக்கிறார்? தேடி வந்தவரா, வேறு வேலையாக வந்து தற்செயலாக என் படத்தைக் கண்டவரா? பத்தாயிரம் பேர் தற்செயலாகப் பார்ப்பதைவிட "கைத்தறிச் சாறி" என்று தட்டித் தேடிய நூறு பேர் எனக்குப் பெரிது.

நான்காவதைத்தான் ஆட்கள் கடைசியில் யோசிக்கிறார்கள், எனக்கோ முக்கியம்: நாளைக்கு அந்த இடத்தைவிட்டு வெளியே வந்தால் கையில் என்ன மிஞ்சும்? இதைப் புரிய மண்முனைப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 2014இல் பாலம் திறக்கும்வரை வாவியைக் கடக்க அங்கே பாதைப்படகுதான். படகு நின்றால் படுவான்கரைச் சந்தை வேறு, எழுவான்கரைச் சந்தை வேறு. பாலம் வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. தொலைபேசி நிறுவனங்களுக்கு நடுவிலும் அப்படி ஒரு பாலம் இருக்கிறது. டயலொக் சிம்மிலிருந்து மொபிட்டெல் சிம்முக்கு அழைக்கலாம், ஆகவே எந்த நிறுவனத்துக்கு ஆள் அதிகம் என்று யாரும் கவலைப்படுவதில்லை. வாட்ஸ்அப்பிலிருந்து வைபருக்குச் செய்தி போகுமா என்றால், நாம் நாளாந்தம் பாவிக்கும் அளவில் போகாது. பேஸ்புக் பக்கத்தைப் பின்தொடரும் ஆட்களை டராஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. பாலம் இல்லாத இடத்தில் வலையமைப்பின் பயன் தளத்தின் சொந்தக்காரருக்கே சேர்கிறது. நீங்கள் அங்கே வாடகைக் குடியிருப்பாளர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் போட்டித் தொலைபேசி நிறுவனங்கள் தமக்குள் இணைப்புக் கொடுக்காததால், பல கடைகள் இரண்டு நிறுவனங்களின் தொலைபேசியையும் மேசையில் வைத்திருந்தன. இன்றைக்கு நம் ஆட்கள் போனில் நான்கு செயலி வைத்துக்கொண்டு ஒரே படத்தை நான்கிலும் போடுவதும் அதே காரணத்தால்தான்.

## வாட்ஸ்அப்

இதில் இரண்டு விடயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் என்ற செயலிக்குப் பலமான வலையமைப்பு விளைவு உண்டு. அம்மம்மாவிலிருந்து பள்ளிப் பிள்ளைவரை எல்லோரும் அதில் இருக்கிறார்கள், அதனால் யாரும் விட்டுப்போக முடியாது. ஆனால் நீங்கள் அதில் வைத்திருக்கும் வாடிக்கையாளர் பட்டியலுக்கு அந்த விளைவு கிடையாது. உங்கள் 41ஆவது வாடிக்கையாளர் சேர்வதால் மற்ற நாற்பது பேருக்கும் ஒன்றும் கூடவில்லை. பட்டியல் ஒரு சில்லு மாதிரி: நடுவில் நீங்கள், கம்பிகள் எல்லாம் உங்களிடமிருந்தே போகின்றன.

இது குறை மாதிரித் தோன்றும். சின்ன வியாபாரிக்கு இதுதான் நல்லது. விற்பனைக் குரூப் ஒன்று ஓடத் தொடங்க நூற்றுக்கணக்கில் ஆள் வேண்டும், இல்லாவிட்டால் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். பட்டியலோ ஐந்து வீட்டோடு தொடங்கினால் ஐந்து வீட்டுக்கான பயனை அன்றைக்கே தந்துவிடும். தொடக்கத்தில் ஆள் சேராமல் செத்துப்போகும் ஆபத்து இதில் இல்லை.

எல்லைகளைத் தெரிந்து வைத்திருங்கள். குரூப்பில் 1,024 பேர்வரை சேர்க்கலாம். எல்லோருக்கும் தனித்தனியாகப் போகும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர். அதுவும் உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டுமே போய்ச்சேரும். "அனுப்பினன், ஒருத்தரும் பதில் போடல்ல" என்று கவலைப்படுபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். ஆகவே தயிரைக் கொடுக்கும்போதே "என்ர நம்பரப் பதிஞ்சு வையுங்க அக்கா" என்று சொல்லி, அவர் பதிவதைப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

பட்டியலுக்குப் பதிலாகக் குரூப் என்றால் இரைச்சல் கூடும். தயிர்க்காரர் தொடக்கத்தில் சேர்ந்திருந்த மாவட்டக் குரூப் ஒன்றை என் கடையிலேயே திறந்து காட்டினார். காலை ஐந்தரைக்கு அவர் "இண்டைக்கு 14 சட்டி இருக்கு" என்று போட்டிருந்தார். அதற்குக் கீழே ஏழு காலை வணக்கப் படம், ஒரு மரண அறிவித்தல், இரண்டு காணி விற்பனை, தொலைந்த மாடு ஒன்றின் போட்டோ. ஆறே காலுக்கு அவருடைய வரியைக் காண விரலால் மூன்று தடவை மேலே தள்ள வேண்டியிருந்தது. குரூப்பில் சுமார் 900 பேர். அவர் போகக்கூடிய ஒழுங்கைகளில் வாழ்பவர்கள் எத்தனை பேர் என்று பெயர் பெயராகப் பார்த்தோம். முப்பதைத் தாண்டவில்லை. மற்றவர்கள் வாழைச்சேனை, ஏறாவூர், கிட்டத்தட்ட நாற்பது கிலோமீற்றர் தள்ளிக் கல்முனை.

மறைந்த செலவு உங்கள் நேரம். "விலை என்ன?" என்று இருபது பேர் தனித்தனியாகக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள் பட்டியலும் விலையும் போட்டுவைத்தால் இதில் கொஞ்சம் குறையும்.

வெளியே வந்தால் என்ன மிஞ்சும்? தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் உங்களிடமே. செயலி நாளைக்கே நின்றுபோனாலும் அழைக்கலாம், எஸ்எம்எஸ் போடலாம். நான்கு வழிகளிலும் இதில் மட்டுந்தான் வாடிக்கையாளர் முழுமையாக உங்களுடையவர்.

## பேஸ்புக்

பக்கம் வேறு, குரூப் வேறு. பக்கத்தில் நீங்கள் பேசுவீர்கள், மற்றவர் கேட்பார். ஐயாயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் நீங்கள் போடுவது அந்த ஐயாயிரம் பேருக்கும் காட்டப்படாது. யாருக்குக் காட்டுவது என்று தளமே தீர்மானிக்கும். கூடுதல் ஆளுக்குக் காட்டக் காசு கட்ட வேண்டும். இதுதான் மறைந்த செலவு: வருடக்கணக்கில் நீங்கள் சேர்த்த ஆட்களைத் திரும்பச் சந்திக்க நீங்களே பணம் கொடுக்கிறீர்கள்.

வாங்குபவருக்கு வாங்குபவரே உதவுவது குரூப்பில்தான். ஒரு சாறிப் படத்துக்குக் கீழே "நான் இவங்களிட்ட வாங்கினன், சாயம் போகல்ல" என்று முன்பின் தெரியாத ஒருவர் எழுதினால், அது நூறு விளம்பரத்துக்குச் சமம். இங்கே புதிதாக வரும் வாங்குபவர் விற்பவருக்கும் பயன், மற்ற வாங்குபவர்களுக்கும் பயன். வாட்ஸ்அப் பட்டியலில் இது நடக்காது.

ஆனால் முன்னே சொன்ன 60–140 நோய் அதிகம் பிடிப்பதும் இங்கேதான். சேரும் முன் அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. குரூப்பில் கடைசி இருபது பதிவை எடுங்கள். எத்தனை விற்பவர் போட்டது, எத்தனை "இப்படி ஒண்டு வேணும், ஆரிட்ட இருக்கு?" என்று வாங்குபவர் கேட்டது என்று எண்ணுங்கள். பிறகு விற்பனைப் பதிவுகளின் கீழே கேள்வி கேட்பவர்களின் பெயரைத் தட்டிப் பாருங்கள், அவர்களும் விற்பவர்களா? இருபதில் நான்கைந்தாவது வாங்குபவரின் கேள்வியாக இருந்தால் குரூப்புக்கு உயிர் இருக்கிறது. இருபதும் விற்பனைப் பதிவாக இருந்தால், உறுப்பினர் நாற்பதாயிரம் என்று எழுதியிருந்தாலும் அது கடைக்காரர்கள் மட்டும் கூடி நிற்கும் சந்தை.

படம் பார்த்து ஆசைப்பட்டு வாங்கும் பொருளுக்கு, அதாவது சாறி, கேக், நகை போன்றவற்றுக்கு, பேஸ்புக் நல்லது. தேடி வாங்கும் பொருளுக்கு அவ்வளவு உதவாது.

## இக்மன்

இக்மன் 2012இல் தொடங்கியது. வாங்குபவர் இங்கே பொழுதுபோக்க வருவதில்லை, தேடத்தான் வருகிறார். அதனால் இரண்டு பக்க விளைவும் தெளிவாக வேலை செய்கிறது. பழைய மோட்டார் சைக்கிள் வாங்க நினைப்பவர், நிறைய வண்டி அங்கே இருப்பதால் அங்கே போகிறார். நிறைய ஆள் பார்ப்பதால் விற்பவரும் அங்கே போடுகிறார். இப்படி ஒரு இடம் நிரம்பிவிட்டால் அதைப் பெயர்ப்பது கடினம். இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஜப்பான். அங்கே யாஹூ 1999 செப்டெம்பரில் ஏலத் தளம் திறந்தது. உலகத்திலேயே பெரிய ஏலத் தளமான ஈபே சில மாதம் கழித்து 2000 தொடக்கத்தில் வந்தது. அதற்குள் ஜப்பானிய விற்பவர்களும் வாங்குபவர்களும் யாஹூவில் கூடிவிட்டார்கள். ஈபே 2002இல் கடையை மூடிவிட்டுப் போனது. அமெரிக்காவில் அதற்கு எத்தனை இலட்சம் ஆள் இருந்தும் டோக்கியோவில் பொம்மை விற்பவருக்கு அதனால் ஒரு பயனும் வரவில்லை.

இதையே நம் மாவட்டத்துக்கு வைத்துப் பாருங்கள். இலங்கை முழுதும் எத்தனை விளம்பரம் என்பதை விடுங்கள். உங்கள் பொருளின் பிரிவைத் திறந்து, இடத்தை மட்டக்களப்பு அல்லது அம்பாறை என்று தெரிவுசெய்து, எத்தனை விளம்பரம், அவை எத்தனை நாள் பழையவை என்று பாருங்கள். விளம்பரம் அடிக்கடி புதிதாக வந்து, பழையது விற்று மறைந்தால் அந்தப் பிரிவு ஓடுகிறது. ஒரே ஐந்து விளம்பரம் மாதக்கணக்கில் கிடந்தால் அங்கே ஆள் நடமாட்டம் இல்லை.

ஒருமுறை விற்று முடிக்கும் பொருளுக்கு இதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. வண்டி, காணி, வாடகை வீடு, குளிரூட்டி. வாங்கியவரை நீங்கள் திரும்பச் சந்திக்கப் போவதில்லை, ஆகவே கையில் என்ன மிஞ்சும் என்ற கவலையும் இல்லை. தினமும் விற்கும் தயிருக்கு இது சரிவராது. மறைந்த செலவு இரண்டு: விளம்பரத்தை மேலே காட்டக் கட்டும் பணம், வீண் அழைப்புகள். உங்கள் இலக்கம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் முற்பணம் கேட்டு ஏமாற்ற நினைப்பவரும் அழைப்பார். பொருளைக் கண்டு, காசைக் கையில் வாங்கிய பிறகுதான் கொடுக்க வேண்டும்.

## டராஸ்

டராஸ் பாகிஸ்தானில் 2012இல் தொடங்கியது, 2018இல் அலிபாபா அதை வாங்கியது. இங்கே வலையமைப்பு இன்னும் ஒரு படி தடிப்பானது. வாங்குபவர், விற்பவர் என்ற இரண்டு பக்கத்தோடு மதிப்புரைகளும் சேர்கின்றன. ஒரு சாறிக்கு அறுபது பேர் மதிப்புரை எழுதியிருந்தால் அறுபத்தோராவது ஆள் பயமில்லாமல் வாங்குகிறார். மருதமுனையையே கண்டிராத மாத்தறைப் பெண், முன்பின் தெரியாத தறிக்காரரிடம் காசு கொடுக்கத் துணிவது இதனால்தான். அறிமுகமில்லாதவர்களுக்கு நடுவே நம்பிக்கையை உண்டாக்குவது வாட்ஸ்அப்பால் முடியாத வேலை.

அதே மதிப்புரைதான் உங்களைக் கட்டிப்போடுவதும். இரண்டு வருடத்தில் சேர்த்த நட்சத்திரங்களை இன்னொரு தளத்துக்குக் கொண்டுபோக முடியாது. வாங்கியவரை உங்கள் வாட்ஸ்அப்புக்கு இழுக்கவும் இப்படியான தளங்களின் விதிகள் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. உரையாடலில் இலக்கம் கொடுத்தால் கடையே முடக்கப்படலாம். எனக்கு இது வேறொரு தளத்தில் நேர்ந்தது. போன் உறை விற்ற என் கணக்கு ஒருநாள் காலையில் திறக்கவில்லை. காரணம் கேட்டு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வர ஆறு வாரம். மூன்று வருடம் என்னிடம் வாங்கியவர்களில் ஒருவரின் இலக்கமும் என் கையில் இல்லை. அன்றைக்குத்தான் நான்காவது கேள்வி எனக்கு உண்மையாக விளங்கியது.

செலவைக் கணக்குப் பார்ப்போம். சாறி 6,000 ரூபா, கொமிஷன் நூற்றுக்குப் பத்து என்று வையுங்கள் (உண்மையான வீதத்தைச் சேரும் நாளில் பாருங்கள், அது பொருளுக்குப் பொருள் மாறும்). ஒரு சாறிக்கு 600 ரூபா போகிறது. எட்டுப் பொதி அனுப்பினால் ஒன்று திரும்பி வருகிறது, போய்வந்த செலவு 900 உங்கள் தலையில் விழுகிறது என்று வைத்தால், விற்ற ஏழு சாறிக்கும் பிரித்து ஒன்றுக்கு ஏறத்தாழ 130 ரூபா. ஆக 730 ரூபா. இதை வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன், முன்பின் தெரியாத ஒருவரைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கான கூலி அது. அதே ஆள் இரண்டாவது, மூன்றாவது தடவை வாங்கும்போதும் அதே 730ஐக் கட்டிக்கொண்டிருப்பதுதான் நட்டம்.

இன்னொன்று, மொழி. தமிழில் மட்டும் தலைப்பிட்டால் தமிழில் தேடுபவர் மட்டுந்தான் காண்பார். சாறிக்கு வெளி மாவட்டத்து ஆள் வேண்டுமென்றால் தலைப்பிலும் விபரத்திலும் ஆங்கிலச் சொற்களும் சிங்களச் சொற்களும் இருக்க வேண்டும். ஒரே தளத்துக்குள்ளேயே மொழி மூன்று தனிச் சந்தையை உண்டாக்கி வைத்திருக்கிறது.

சொந்த இணையத்தளம் போடலாமா என்றும் கேட்கிறார்கள். அதில் எல்லாம் உங்களுடையது, ஆனால் ஆளை நீங்களே கூட்டி வரவேண்டும். இருபது சாறிக்கு அது இப்போது தேவையில்லை.

## ஒரே பார்வையில்

| | வாட்ஸ்அப் பட்டியல் | பேஸ்புக் குரூப் | இக்மன் | டராஸ் |
|---|---|---|---|---|
| ஆள் சேர்ந்தால் யாருக்குப் பயன் | விற்பவருக்கு மட்டும் | இரண்டு பக்கத்துக்கும், நெரிசல் வரும்வரை | இரண்டு பக்கத்துக்கும் | இரண்டு பக்கத்துக்கும், மதிப்புரையால் இன்னும் கூட |
| தொடங்க எத்தனை பேர் வேண்டும் | ஐந்து வீடு போதும் | உயிருள்ள குரூப் ஏற்கெனவே இருக்க வேண்டும் | தளம் தயார். உங்கள் பிரிவைப் பாருங்கள் | தளம் தயார். முதல் மதிப்புரைகள் வரும்வரை மெதுவாகப் போகும் |
| மறைந்த செலவு | பதில் சொல்லும் நேரம் | இரைச்சல், விளம்பரக் காசு | வீண் அழைப்பு, ஏமாற்று | கொமிஷன், திரும்பும் பொதி |
| வெளியேறினால் மிஞ்சுவது | எல்லா இலக்கங்களும் | கொஞ்சம் பெயர் | ஒன்றுமில்லை, தேவையுமில்லை | ஒன்றுமில்லை |
| பொருத்தமானது | அடிக்கடி, கிட்ட விற்பது | பார்த்து ஆசைப்படுவது | ஒரேமுறை விற்பது | தூரத்து, அறிமுகமில்லாத ஆளுக்கு விற்பது |

## தயிர்க்காரருக்கு

பதினான்கு சட்டியை வாரத்தில் ஆறு நாள் விற்றால் 84 சட்டி. ஒரு வீடு வாரத்துக்கு இரண்டு சட்டி எடுத்தால் 42 வீடு போதும். அவருக்குத் தேவையான சந்தை அவ்வளவுதான். ஆனால் அந்த 42 வீடும் கிட்டக்கிட்ட இருக்க வேண்டும். வலையிறவுப் பாலம் கடந்து டவுனுக்குள் வந்து, நான்கு ஒழுங்கையில் 42 வீடு என்றால் ஒரு மணித்தியாலத்தில் கொடுத்து முடிக்கலாம். அதே 42 வீடு ஏறாவூரிலிருந்து களுவாஞ்சிக்குடிவரை சிதறிக் கிடந்தால் பெற்றோல் செலவிலேயே இலாபம் போய்விடும். அவருக்கு இன்னொரு வீடு சேர்வதன் பயன், அந்த வீடு ஏற்கெனவே போகும் ஒழுங்கையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

ஆகவே 900 பேர் குரூப்பை விடச் சொன்னேன். ஒழுங்கைக்கு ஒரு பிராட்காஸ்ட் பட்டியல், முதல் நாள் இரவு எட்டு மணிக்கு "நாளைக்கு எத்தனை?" என்று ஒரே கேள்வி. புது வாடிக்கையாளரை இருக்கும் வாடிக்கையாளர் வழியாகவே பிடிக்க வேண்டும். சட்டியைக் கொடுக்கும்போது பக்கத்து வீட்டு மதிலையும் எட்டிப் பார்க்கச் சொன்னேன்.

## சாறிக்காரருக்கு

அவருக்கு நேர்மாறு. மாதம் இருபது சாறியை ஊருக்குள்ளேயே விற்பது கடினம், ஏனென்றால் மருதமுனையில் பக்கத்து வீட்டிலும் தறி இருக்கிறது. அவருக்கு அறிமுகமில்லாத, தூரத்து ஆள் வேண்டும். அதற்கு டராஸ் போன்ற சந்தையும், எண்ணிப் பார்த்துத் தெரிவுசெய்த ஒன்றிரண்டு உயிருள்ள பேஸ்புக் குரூப்பும் சரி. முதல் பத்துச் சாறியை டராஸில் இலாபம் பெரிதாகப் பார்க்காமல் விற்கலாம், அந்த விலைக் குறைப்பு மதிப்புரைக்காகக் கொடுக்கும் முதலீடு. அதற்குமேல் குறைக்கக்கூடாது, ஏனென்றால் விலை மட்டும் பார்த்து வந்தவர் விலை ஏறியதும் போய்விடுவார்.

தளத்தின் விதியை மீறாமல் பெயரை நிலைக்கச் செய்ய ஒரு வழியும் உண்டு. சாறியின் ஓரத்தில் தைக்கும் லேபலில் நெசவுக்கூடத்தின் பெயரும் ஊரும் இருக்கட்டும். அது பொருளின் ஒரு பகுதி. பேஸ்புக் பக்கத்துக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் கணக்குக்கும் அதே பெயரை அதே எழுத்தில் வைக்க வேண்டும். இரண்டாவது சாறி வேண்டுமென்று நினைப்பவர் லேபலைப் பார்த்து, தானாகவே பெயரைத் தட்டித் தேடி வருவார்.

இரண்டு பேருக்கும் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் பொதுவாகச் சொன்னேன். ஒவ்வொரு ஓடருக்கும் "எங்க கண்டீங்க?" என்று கேட்டு, கொப்பியில் எழுத வேண்டும். இரண்டு மாதம் எழுதினால் எந்த வலையில் தனக்கு மீன் படுகிறது என்று அவரவருக்கே தெரிந்துவிடும்.

தயிர்க்கார அண்ணன் போன வெள்ளிக்கிழமை அந்தக் கொப்பியோடு வந்தார். ஓரம் தயிர்த் தண்ணீர் பட்டுச் சுருண்டிருந்தது. மூன்று வாரத்தில் 26 வீடு. அதில் 17 வீட்டுக்கு நேரே "பக்கத்து வீடு" என்று எழுதியிருந்தார். நான்கு ஒழுங்கை என்று தொடங்கியவர், தூரமாக இருந்த ஒன்றை வெட்டிவிட்டு, முதல் ஒழுங்கைக்குப் பின்பக்கத்து ஒழுங்கையின் பெயரைப் புதிதாகச் சேர்த்திருந்தார்.